அறை மாறிய கன்சோல், பழைய நோடை விடாத வைஃபை

மாடி அறையில் புதிதாக டி.வி. மாட்டியதும், ஹாலில் இருந்த பிளேஸ்டேஷன் 5 மேலே போய்விடுகிறது. அந்த அறை அலமாரியில் மெஷ் வைஃபையின் ஒரு நோடு முன்பே இருக்கிறது. கன்சோலுக்கும் அதற்கும் நடுவே இரண்டு மீட்டர்கூட இல்லை. இனி விளையாட்டு வெண்ணெயாக ஓடும் என்று பையன் உட்காருகிறான். ஆட்டத்தில் எதிராளி இருந்த இடத்திலிருந்து சட்டென்று வேறு இடத்துக்குத் தாவுகிறான்; ஹெட்செட்டில் நண்பர்களின் குரல் விட்டுவிட்டு வருகிறது. அதே கட்டிலில் உட்கார்ந்து அம்மா ஃபோனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 200 எம்பிபிஎஸ் காட்டுகிறது. கன்சோலில் போட்டால் 25ஐத் தாண்டவில்லை. 60 ஜிபி கேம் ஒன்றை ஃபோனுக்குக் கிடைக்கும் வேகத்தில் இறக்க 40 நிமிடம் போதும். கன்சோலுக்குக் கிடைக்கும் வேகத்தில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இது உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட வீடுதான். ஆனால், மெஷ் வைத்திருக்கும் பல வீடுகளில் இதே கதை நடக்கிறது. இணைப்பு கொடுத்த நிறுவனத்துக்குப் போன் போட்டுப் புகார் சொல்லும் முன், மெஷ்ஷோடு வந்த ஆப்பைத் திறந்து கருவிகளின் பட்டியலில் கன்சோலைத் தொட்டுப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். கன்சோல் பக்கத்து நோடில் இல்லை. ஒரு தளம் கீழே, ஹாலில் இருக்கும் மெயின் நோடைத்தான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்.

மெஷ் என்றால் மூன்று பெட்டிகளும் சேர்ந்து ஒரே வலைப்பின்னலாக வேலை செய்யும், எந்தக் கருவி எங்கே இணைய வேண்டும் என்பதை அவை பார்த்துக்கொள்ளும் என்றே பலரும் நினைக்கிறார்கள். விளம்பரங்களும் அப்படித்தான் சொல்கின்றன. வைஃபையின் அடிப்படை விதி வேறு. எந்த நோடோடு சேர்வது, எப்போது விலகுவது, அடுத்து எதற்குப் போவது என்பதையெல்லாம் முடிவு செய்வது கருவிதான். ஃபோன், லேப்டாப், கன்சோல் எல்லாவற்றுக்கும் இதே விதி. செல்ஃபோன் நெட்வொர்க்கில் எந்த டவருக்கு மாறுவது என்று நெட்வொர்க் உத்தரவு போடும். வைஃபையில் அந்த உத்தரவு கிடையாது. மெஷ் பெட்டியால் ஆலோசனை சொல்ல முடியும், கதவைச் சாத்த முடியும், வெளியே தள்ள முடியும். கையைப் பிடித்து இன்னொரு நோடில் கொண்டுபோய் உட்கார வைக்க முடியாது.

சரி, கன்சோல் ஏன் பக்கத்தில் இருப்பதை விட்டுத் தூரத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுத்தது? நமது உதாரண வீட்டில் காரணம் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அலமாரி நோடு சுவரில் இருந்த பிளக்கில் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. டி.வி., கன்சோல், நோடு மூன்றுக்கும் சேர்த்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டபோது, நோடைக் கழற்றி அதில் மாட்டி, எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் உயிர்ப்பித்தார்கள். கன்சோல் ஒரு நிமிடத்துக்குள் எழுந்து வைஃபையைத் தேடிவிடும். மெஷ் நோடு எழுந்து, மெயின் நோடோடு கைகோத்து, வீட்டு வைஃபை பெயரை ஒலிபரப்பத் தொடங்க இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகலாம். கன்சோல் தேடிய நேரத்தில் அந்த அறையில் காதில் விழுந்தது ஹால் நோடு மட்டும்தான். பெயரும் பாஸ்வேர்டும் ஏற்கெனவே தெரிந்தவை. உடனே சேர்ந்துகொண்டது. மின்வெட்டு முடிந்து கரண்ட் வரும்போதும் இதே பந்தயம் நடக்கும். ஹால் நோடு இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்து, மாடி நோடு அணைந்து எழுந்தால், கன்சோல் ஹாலுக்குத்தான் போகும்.

சேர்ந்தது தற்செயல் என்றால், விலகாமல் இருப்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. அதைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் அளவு தெரிந்தால் போதும். வைஃபை சிக்னலை டிபிஎம் என்ற அலகில், மைனஸ் எண்ணாகச் சொல்வார்கள். பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க வலு அதிகம். மைனஸ் 45 என்றால் நோடு பக்கத்திலேயே இருக்கிறது. மைனஸ் 65 சுற்றி இருந்தால் சாதாரண வேலைகள் ஓடும். மைனஸ் 75ஐத் தாண்டிக் கீழே போனால் தடுமாற்றம் ஆரம்பிக்கும். மூன்று எண் குறைந்தால் சிக்னலின் சக்தி பாதியாகிறது, பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது.

நமது மாடி அறையில் கன்சோலுக்கு ஹால் நோடின் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் மைனஸ் 66 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அலமாரி நோடின் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் மைனஸ் 45. இரண்டுக்கும் நடுவே 21 எண் வித்தியாசம், அதாவது சக்தியில் நூறு மடங்குக்கும் மேல். மனிதர் பார்த்தால் ஒரு நொடியில் மாறிவிடுவார். கன்சோல் மாறாது, ஏனென்றால் அது ஒப்பிட்டே பார்ப்பதில்லை. ஏற்கெனவே சேர்ந்திருக்கும் நோடின் சிக்னல் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால்தான் வேறு நோடு இருக்கிறதா என்று தேடவே ஆரம்பிக்கும். மைனஸ் 66 அந்த அளவுக்கு மேலே இருக்கிறது. ஆகவே தேடல் இல்லை. தேடல் இல்லாததால் இரண்டு மீட்டரில் இருக்கும் நோடைப் பற்றி அதற்குக் கவலையும் இல்லை.

இந்த எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பதை ஆப்பிள் நிறுவனம் தன் கருவிகளுக்கு வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. ஐஃபோனில் அது மைனஸ் 70, மேக் கணினியில் மைனஸ் 75. அந்தக் கோட்டைத் தாண்டிய பிறகும் ஐஃபோன் எதற்கு வேண்டுமானாலும் தாவிவிடாது. தரவு ஓடிக்கொண்டிருக்கும்போது 8 டெசிபலாவது கூடுதலாக இருந்தால்தான் புதிய நோடுக்குப் போகும். சும்மா இருக்கும்போது 12 டெசிபல் வேண்டும். கன்சோல்களின் அமைப்புப் பக்கங்களில் இப்படி ஓர் எண் கண்ணில் படாது, மாற்றவும் முடியாது. ஃபோன் நடமாட்டத்துக்காகவே செய்யப்பட்ட பொருள். அதை வடிவமைத்தவர்கள் அறைக்கு அறை மாறுவதை முதலிலிருந்தே கணக்கில் எடுத்தார்கள். டி.வி.க்குக் கீழே ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருக்கப்போகும் பெட்டிக்கு அந்த அக்கறை குறைவாக இருப்பதில் வியப்பில்லை. தேடல் என்பது கொஞ்ச நேரம் இப்போதைய சேனலை விட்டு மற்ற சேனல்களில் காது கொடுப்பது. அந்த நேரத்தில் ஆட்டத்தின் தரவு நின்று போகும். அதனால் தேடாமல் இருப்பதே விளையாட்டுக்கு நல்லது என்றும் ஒரு நியாயம் இருக்கிறது. கன்சோல் இடம் மாறாத வரை அந்த நியாயம் செல்லும்.

இங்கேதான் 2.4, 5 என்ற இரண்டு அலைவரிசைகளின் குணம் முக்கியமாகிறது. திறந்த வெளியில் ஒரே தூரத்தில், ஒரே சக்தியில் அனுப்பினாலும் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் 2.4ஐவிட ஏறக்குறைய 7 டெசிபல் குறைவாகத்தான் வந்து சேரும். நடுவே செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் வந்தால் வித்தியாசம் இன்னும் கூடுகிறது, 5 கிகாஹெர்ட்ஸ் அலையைச் சுவர் அதிகமாக விழுங்கிவிடுகிறது. பக்கத்துத் தெரு கல்யாண மண்டபத்தில் கச்சேரி நடந்தால் டிரம்ஸின் அதிர்வு மட்டும் நம் வீட்டுச் சுவரைத் தாண்டி வரும், பாடகரின் சொற்கள் வராது. அதுபோல ஹால் நோடின் 2.4 மாடிக்கு மைனஸ் 66ஆக வந்து சேரும்போது, அதன் 5 கிகாஹெர்ட்ஸ் மைனஸ் 80ஐ ஒட்டிக் கிழிந்துபோய் வருகிறது.

தூரம் போகும் என்பதே 2.4இன் பெருமை. மெஷ் வீட்டில் அதுவே வினையாகிறது. ஒரு பெட்டி வீடு முழுவதற்கும் கேட்க வேண்டியிருந்த காலத்தில் அந்த எட்டு நல்லது. ஒவ்வொரு அறைக்கும் பக்கத்தில் ஒரு நோடு வைத்த பிறகு, எல்லா நோடின் 2.4உம் எல்லா அறையிலும் ஓரளவுக்குக் கேட்கிறது. கருவிக்கு எதை விட்டாலும் குறையில்லை என்று தோன்றுகிறது. எதில் முதலில் ஒட்டியதோ அதிலேயே இருந்துவிடுகிறது.

மைனஸ் 66 மோசமில்லையே, பிறகு ஏன் 25 எம்பிபிஎஸ் என்று கேட்கலாம். சிக்னலின் வலு வேறு, காற்றில் கிடைக்கும் இடம் வேறு. 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீடு எல்லாருடைய வைஃபையும் அந்த மூன்றில்தான் இடிபடுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பு அதே அலைவரிசையில்தான் இரைகிறது. கன்சோலுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. பிளேஸ்டேஷனின் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரும், நின்டெண்டோ ஸ்விட்சின் ஜாய்-கான்களும் பேசுவது புளூடூத்தில். புளூடூத் இயங்குவதும் 2.4இல். வைஃபையும் அங்கேயே இருந்தால், ஒரே பெட்டிக்குள் இரண்டும் காற்றைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். பொத்தானை அழுத்தியது தாமதமாக வேலை செய்கிறது என்று பையன் கன்ட்ரோலரைத் திட்டும்போது, சில நேரம் குற்றவாளி வைஃபையின் அலைவரிசையாக இருக்கும். ஆன்லைன் ஆட்டத்தைக் கெடுப்பது வேகக் குறைவைவிட இந்தத் தடுமாற்றம்தான். ஒரு தகவல் பொட்டலம் 20 மில்லிசெகண்டில் போய், அடுத்தது மோதி, திரும்ப அனுப்பப்பட்டு 150இல் போனால், திரையில் எதிராளி தாவத்தான் செய்வான்.

பேண்ட் ஸ்டீயரிங் என்ற வசதி இந்த இடத்தில் வருகிறது. சொல்லப்போனால் இது நோடு மாற்றும் வசதி அல்ல. இரண்டு அலைவரிசையும் தெரிந்த கருவியை 2.4இலிருந்து விலக்கி 5இன் பக்கம் திருப்பிவிடும் வசதி. இதற்கு இரண்டு அலைவரிசைக்கும் ஒரே வைஃபை பெயர் இருக்க வேண்டும். பலர் வீட்டில் பெயரைப் பிரித்து, பின்னால் 5G என்று சேர்த்து இரண்டாக வைத்திருப்பார்கள். அப்படிப் பிரித்தால் கன்சோலுக்கு அவை இரண்டு வேறு வேறு நெட்வொர்க். 2.4இன் பெயரை அதில் சேமித்துவிட்டால், மெஷ் என்ன செய்தாலும் அது 5க்குப் போகாது.

திருப்பும் வேலை பெரும்பாலும் சேரும் தருணத்தில் நடக்கிறது. கன்சோல் எழுந்ததும் ஒவ்வொரு சேனலாகப் போய், இங்கே யாராவது இருக்கிறீர்களா என்று ஒரு விசாரிப்பை அனுப்பும். நோடில் இரண்டு ரேடியோவும் இருப்பதால் இரண்டிலும் அந்த விசாரிப்பைக் கேட்கிறது. இந்தக் கருவிக்கு 5உம் தெரியும் என்று குறித்துக்கொள்கிறது. பிறகு 2.4இல் வந்த விசாரிப்புக்கு உடனே பதில் சொல்லாமல் மௌனமாக இருக்கிறது. 5இல் மட்டும் பதில் தருகிறது. கன்சோல் கேட்ட இடத்தில் சேர்ந்துகொள்கிறது. பிடிவாதமாக 2.4இலேயே திரும்பத் திரும்பக் கேட்டால், சில முயற்சிக்குப் பிறகு நோடு இறங்கி வந்து சேர்த்துக்கொள்ளும். வீட்டில் இணைப்பே இல்லாமல் விடுவதைவிட அது மேல்.

தூர நோடு பிரச்சினைக்கு இது எப்படி மருந்தாகும்? நின்டெண்டோ ஸ்விட்சை வைத்துப் பார்த்தால் நன்றாக விளங்கும், ஏனென்றால் அது கையில் தூக்கிக்கொண்டு நடக்கும் கன்சோல். ஹாலில் டாக்கில் இருக்கும்போது அது மெயின் நோடின் 2.4இல் இருந்தால், கழற்றி மாடிக்குப் போனாலும் சிக்னல் மைனஸ் 66. எல்லைக்கோட்டைத் தொடவே இல்லை, அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பேண்ட் ஸ்டீயரிங் அதை முதலிலேயே ஹால் நோடின் 5இல் சேர்த்திருந்தால் கதை மாறுகிறது. ஹாலில் மைனஸ் 50 கிடைத்த சிக்னல், படிக்கட்டுத் திருப்பத்திலேயே மைனஸ் 70ஐத் தாண்டி விழுகிறது, அறைக்குள் நுழையும்போது மைனஸ் 80. இப்போது கன்சோலுக்கே தாங்கவில்லை. தேடுகிறது. தேடினால் முதலில் காதில் விழுவது மைனஸ் 45இல் கத்திக்கொண்டிருக்கும் அலமாரி நோடு. கன்சோலின் புத்தி மாறவில்லை. ஒட்டிக்கொண்டிருக்க வசதியாக இருந்த இடம்தான் பறிபோயிற்று. பேண்ட் ஸ்டீயரிங்கின் மறைமுக உதவி இதுதான். மெஷ் வீட்டில் இதன் மதிப்பு, அது கொடுக்கும் கூடுதல் வேகத்தைவிடப் பெரியது என்றே சொல்ல வேண்டும்.

பிளேஸ்டேஷன் வீட்டின் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே கன்சோல் மாடியிலேயே எழுந்து, மாடியிலேயே ஹால் நோடைப் பிடித்தது. அந்த இடத்தில் ஹாலின் 5 மைனஸ் 80. ஒழுங்காக எழுதப்பட்ட பேண்ட் ஸ்டீயரிங் அவ்வளவு பலவீனமான 5க்கு யாரையும் தள்ளாது, 2.4இலேயே விட்டுவிடும். ஆக, ஒரே பெட்டியின் இரண்டு அலைவரிசைக்கு நடுவே மட்டும் திருப்பத் தெரிந்த பழைய வகை ஸ்டீயரிங்கால் இங்கே பயனில்லை. நோடுகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, நோடையும் அலைவரிசையையும் சேர்த்தே திருப்பும் மெஷ் வேண்டும். பேண்ட் ஸ்டீயரிங்கும் இந்த நோடு திருப்பலும் இன்று பல மெஷ் ஆப்களில் ஒரே சுவிட்சுக்குப் பின்னால் இருக்கின்றன.

அது நடக்கும் விதம் இப்படி. அலமாரி நோடு மூன்று நிமிடம் கழித்து எழுகிறது. அதே காற்றில் கன்சோலின் பேச்சு தனக்கு மிகப் பலமாகக் கேட்பதைக் கவனித்து, மெயின் நோடுக்குச் சொல்கிறது. மெயின் நோடு கன்சோலுக்கு ஓர் ஆலோசனைக் கடிதம் அனுப்புகிறது: இன்ன நோடு, இன்ன சேனல், அங்கே போனால் நல்லது. இந்தக் கடிதத்தின் வடிவம் 802.11 தர விதிகளின் 'வி' என்ற பிரிவில் 2011இல் வந்தது. அக்கம்பக்கத்தில் எந்த நோடுகள் எந்தச் சேனலில் இருக்கின்றன என்று கருவிக்குப் பட்டியல் கொடுக்கும் 'கே' பிரிவு 2008இல் வந்தது. வேறு வேறு நிறுவனங்களின் பெட்டிகள் இந்தப் பேச்சைத் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காக வைஃபை அலையன்ஸ் 2018இல் ஈஸிமெஷ் என்ற சான்றிதழைக் கொண்டுவந்தது. கடிதத்தைப் பெற்ற கருவி ஏற்கலாம், மறுக்கலாம். 'வி' தெரியாத கருவிக்குக் கடிதம் புரியவே புரியாது. அப்போது மெஷ்ஷின் கையில் மிச்சம் இருக்கும் ஒரே வழி, இணைப்பைத் துண்டித்து, கொஞ்ச நேரம் அந்த ரேடியோவில் திரும்பச் சேர்த்துக்கொள்ளாமல் இருப்பது. கன்சோல் வேறு வழியின்றித் தேடும், அலமாரி நோடைக் கண்டுபிடிக்கும். நடு ஆட்டத்தில் இதைச் செய்தால் ஆட்டம் அறுந்துவிடும் என்பதால், நல்ல மெஷ்கள் தரவு ஓட்டம் குறையும் வரை காத்திருக்கும். சுவிட்சைப் போட்ட உடனே மாறவில்லை, அரை மணி நேரம் கழித்துத் தானாக மாறிவிட்டது என்று பலர் சொல்வதற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம்.

ஆசுஸ் ரவுட்டர்களில் இந்தத் துண்டிப்பு வெளிப்படையாகவே ஓர் எண்ணாக இருக்கிறது. Roaming Assistant என்ற இடத்தில், சிக்னல் -70 dBmக்குக் கீழே போன கருவியைத் துண்டிக்கலாம் என்று வைக்க முடியும். நமது மாடிக் கன்சோலுக்கு அது மைனஸ் 66 என்பதால் இந்த எண் தொடாது. அதை மைனஸ் 62க்கு உயர்த்தினால் கன்சோல் நகரும். ஆனால், சமையலறையில் மைனஸ் 65இல் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும் சிறிய ஸ்மார்ட் பிளக்கும், வாசல் கேமராவும் சேர்ந்து துண்டிக்கப்படும். அவற்றுக்குப் போக வேறு நல்ல நோடு இருக்காது. ஒரு கன்சோலுக்காக வீட்டு எண்ணை மாற்றுவதில் இந்த ஆபத்து உண்டு. அதைவிடக் கருவி வாரியாக மாற்றும் வழி நல்லது.

டிபி-லிங்க்கின் டெக்கோ ஆப்பில் ஒவ்வொரு கருவிக்கும் Mesh Technology என்று ஒரு சுவிட்ச் உண்டு. போட்டிருந்தால் அந்தக் கருவி நோடு விட்டு நோடு மாற மெஷ் உதவும். அணைத்தால் இருக்கும் இடத்தில் விட்டுவிடும். ஆட்டம் நடுவில் அறுகிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, கன்சோலுக்கு இதை அணைத்து வைப்பவர்கள் நிறையப் பேர். கன்சோல் ஹாலில் இருக்கும் வரை அது சரியான யோசனைதான். இடம் மாற்றும் அன்று அதைத் திரும்பப் போட மறந்தால், நாமே கட்டிப்போட்டது போலாகிவிடும். சில மெஷ்களில் குறிப்பிட்ட கருவியைக் குறிப்பிட்ட நோடோடு பிணைத்து வைக்கும் வசதியும் இருக்கிறது. எப்போதோ ஹால் நோடோடு பிணைத்ததை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. கன்சோலின் பக்கத்தில் பூட்டு அடையாளம் ஏதும் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

செய்ய வேண்டிய வேலை கொஞ்சம்தான். முதலில் ஆப்பில் கன்சோலின் நோடு, அலைவரிசை, சிக்னல் மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2.4க்கும் 5க்கும் தனித்தனிப் பெயர் இருந்தால் ஒன்றாக்க வேண்டும், ஸ்டீயரிங்கைப் போட வேண்டும். மாடி நோடு முழுதாக எழுந்து, விளக்கு நிலையாக எரிந்த பிறகு கன்சோலை மறுதொடக்கம் செய்ய வேண்டும். பொத்தானைத் தட்டி உறங்க வைத்தால் போதாது. பிளேஸ்டேஷன் 5இல் ரெஸ்ட் மோடிலும் இணைய இணைப்பை விடாமல் வைத்திருக்கும் அமைப்பு உண்டு. அது போட்டிருந்தால் கன்சோல் தூக்கத்திலும் பழைய நோடைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஸ்விட்சில் பவர் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் Power Options வரும். அதில் Restart கொடுக்க வேண்டும். இதிலும் நகரவில்லையென்றால், ஹால் நோடை ஒரு நிமிடம் அணைத்து எழுப்பலாம். ஆனால் அது மெயின் நோடாக இருந்தால் வீடு முழுக்க இணையம் போய்த் திரும்பும், மாடி நோடும் அதை நம்பியே இருப்பதால் தடுமாறும். மெயின் அல்லாத நோடில் ஒட்டியிருந்தால்தான் இந்தக் குறுக்குவழி சுத்தமாக வேலை செய்யும்.

பிளேஸ்டேஷன் 5இல் மெஷ்ஷை நம்பாமல் கையாலேயே அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கவும் வழி இருக்கிறது. Settings, Network, Settings, Set Up Internet Connection என்று போய், வீட்டு வைஃபை பெயரின் மேல் நின்று, கன்ட்ரோலரின் ஆப்ஷன்ஸ் பொத்தானை அழுத்தினால் அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும் இடம் வரும். அதில் 5 GHz என்று வைத்துவிட்டால் ஹால் நோடின் 2.4 கன்சோலுக்கு இல்லாமலே போகிறது. மிஞ்சுவது மைனஸ் 80இல் முனகும் ஹால் நோடும் மைனஸ் 45இல் இருக்கும் அலமாரி நோடும். மெஷ்ஷில் ஸ்டீயரிங் இல்லாத, அல்லது அரைகுறையாக இருக்கும் வீட்டில் இதுவே எளிய தீர்வு.

மாறியதும் வேலை முடிந்ததா என்பதை ஆப்பின் பட்டியலை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பக்கத்து நோடு எப்போதும் நல்ல நோடு அல்ல. அலமாரி நோடு மெயின் நோடோடு வயர் இல்லாமல் பேசுகிறது. அந்தப் பாதை பலவீனமாக இருந்தால், கன்சோலுக்கும் நோடுக்கும் நடுவே மைனஸ் 45 இருந்தும் பயனில்லை. இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ அலமாரியின் கீழ்த்தட்டிலோ வைத்த நோடில் இது நடக்கும். மாடி அறையில் ஃபோனை அலமாரி நோடின் 5இல் வைத்து ஸ்பீடு டெஸ்ட் போட்டால், அந்த நோடு உண்மையில் எவ்வளவு தருகிறது என்பது தெரிந்துவிடும். நமது வீட்டில் அது 200 என்பதால் கவலையில்லை. அதுவே 30 என்று வந்திருந்தால் பிரச்சினை கன்சோலில் இல்லை, நோடு வைத்த இடத்தில். அப்போது கன்சோலை நகர்த்துவது வீண் வேலை.

இன்னொரு கோளாறு எதிர்த்திசையில் வரும். இரண்டு நோடுக்கும் நட்டநடுவில், இரண்டு சிக்னலும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் இடத்தில் கன்சோல் இருந்தால், ஸ்டீயரிங் அதை இங்கும் அங்குமாக உதைத்துக்கொண்டே இருக்கும். ஆட்டம் நன்றாகப் போகும், பிறகு இரண்டு மூன்று விநாடி உறையும், மறுபடி ஓடும். ஆப்பில் கருவியின் வரலாறு காட்டும் வசதி இருந்தால், ஒரே மாலையில் கன்சோல் நோடு மாறிய நேரங்கள் வரிசையாகத் தெரியும். ஆட்டம் உறைந்த நேரமும் அதுவும் ஒத்துப்போனால் காரணம் பிடிபட்டது. அங்கே, கன்சோல் சரியான நோடின் 5இல் உட்கார்ந்த பிறகு, அந்தக் கருவிக்கு மட்டும் ஸ்டீயரிங்கை அணைப்பதுதான் சரி.

பேண்ட் ஸ்டீயரிங்கால் ஒன்றும் செய்ய முடியாத கன்சோல்களும் வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. முதலில் வந்த பிளேஸ்டேஷன் 4இல் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவே கிடையாது. பின்னர் வந்த ஸ்லிம், புரோ மாடல்களில்தான் அது சேர்ந்தது. நின்டெண்டோ வீயும் 2.4 மட்டுமே தெரிந்தது. இவற்றை இடம் மாற்றினால் நோடு எழுந்த பிறகு கன்சோலை எழுப்புவது ஒன்றே வைஃபை வழி. அதைவிட நல்ல வழி, நோடின் முதுகிலேயே இருக்கிறது. பெரும்பாலான மெஷ் நோடுகளில் ஒன்றிரண்டு லேன் போர்ட்டுகள் காலியாகக் கிடக்கின்றன. பிளேஸ்டேஷன் 4இலும் 5இலும் லேன் போர்ட் உண்டு. ஸ்விட்சின் ஓஎல்இடி மாடலோடு வந்த டாக்கில் உண்டு. முதல் ஸ்விட்சின் டாக்குக்கு யுஎஸ்பி லேன் அடாப்டர் வாங்க வேண்டும். இரண்டு மீட்டர் லேன் கேபிள் ஒன்றால் கன்சோலையும் அலமாரி நோடையும் இணைத்துவிட்டால், எந்த நோடு, எந்த அலைவரிசை என்ற கேள்வி கன்சோலிடம் போவதே இல்லை. கன்ட்ரோலரின் புளூடூத்துக்கும் 2.4இல் இடம் கிடைக்கிறது.